அப்பாவா, காப்பாளரா?

மதுரையில் ஒரு குடும்பம். கணவருக்குக் கனடாவில் வேலை அமைந்து, பி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கணவருடைய தம்பியின் மகள். மூன்று வயதில் இவர்கள் தத்து எடுத்துக்கொண்டவள். இளையவன் மனைவியின் அக்கா மகன். அக்காவும் அக்கா கணவரும் அடுத்தடுத்துக் காலமாகிவிட, மாவட்ட நீதிமன்றம் மனைவியை அவனுக்குக் காப்பாளராக நியமித்திருக்கிறது. இருவரும் இவர்களை அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரேஷன் கார்டில் ஒருத்தி மகள், ஒருவன் மகன். பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் தெரியும்.

ஆனால் சட்டத்தின் கண்ணில் பெண் இவர்களுடைய மகள். பையன் மகன் இல்லை. மனைவிக்கு அவன் காப்பில் உள்ள சிறுவன். கணவருக்கு அவன் சட்டப்படி யாருமே இல்லை. இந்த நிலையை ஆங்கிலத்தில் கொஞ்சமும் பிசகாமல் கொண்டுபோவதுதான் மொழிபெயர்ப்பாளரின் வேலை. (இது ஒரே குடும்பத்தின் கதையல்ல. மேசைக்கு வந்த பல கோப்புகளின் கூறுகளை ஒரே வீட்டில் சேர்த்து எழுதுகிறேன், தேதிகளும் மாதிரிக்குத்தான்.)

கோப்பில் முக்கியமான தாள்கள் இரண்டு. ஒன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான சுவீகாரப் பத்திரம். இன்னொன்று, நீதிமன்ற உத்தரவு. இரண்டும் தமிழில் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு சட்டங்களிலிருந்து வருகின்றன. பத்திரத்துக்குப் பின்னால் இருப்பது 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். அதன் 12-ஆம் பிரிவுப்படி, தத்து நடந்த நாளிலிருந்து குழந்தை எல்லா வகையிலும் தத்து எடுத்தவரின் குழந்தை. பிறந்த வீட்டோடு இருந்த சட்ட உறவு அன்றோடு அறுந்துபோகிறது. திருமண உறவுக்கான தடை, தத்துக்கு முன்பே குழந்தைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து என்று ஒன்றிரண்டு மட்டும் பழையபடி நிற்கும். முறையாக நடந்த தத்தை யாரும் பிறகு ரத்து செய்யவும் முடியாது.

நீதிமன்ற உத்தரவுக்குப் பின்னால் இருப்பது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர், காப்பிலுள்ளோர் சட்டம். அது யாரையும் பெற்றோர் ஆக்குவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும், நீதிமன்றத்தின் கண்காணிப்பில், ஒருவரிடம் கொடுக்கிறது. பையனுக்குப் பதினெட்டு வயது முடிந்தால் அந்தப் பொறுப்பும் முடிந்துவிடும். அவனுடைய அப்பா, அம்மா பெயர்கள் எப்போதும் காலமான அந்த இருவரின் பெயர்கள்தான்.

இந்த வேறுபாடு கனடாவுக்கு ஏன் முக்கியம்? அந்த நாட்டின் குடிவரவு விதிமுறைகள் தத்து என்பதற்கே ஒரு வரையறை வைத்திருக்கின்றன. புதிய பெற்றோர்–பிள்ளை உறவைச் சட்டப்படி உண்டாக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த பெற்றோர்–பிள்ளை உறவைத் துண்டிக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தத்து. விண்ணப்பதாரரோடு கூடப் போகும் பிள்ளை என்றால் பெற்ற பிள்ளையாகவோ இப்படித் தத்து எடுத்த பிள்ளையாகவோ இருக்க வேண்டும். வயது இருபத்திரண்டுக்குள், திருமணம் ஆகாமல். காப்பில் இருக்கும் பிள்ளை இந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆக, பெண்ணுடைய பத்திரத்தை மொழிபெயர்க்கும்போது அந்த 'துண்டிப்பு' தெளிவாகத் தெரிய வேண்டும். பையனுடைய உத்தரவை மொழிபெயர்க்கும்போது, இல்லாத ஒரு துண்டிப்பு நுழைந்துவிடக் கூடாது.

முதலில் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஆவண எழுத்தர்கள் எழுதும் தமிழ் தனி ரகம். தொடக்கத்திலேயே நான்கு பேரையும் வரிசையாக நிறுத்தி, 1 முதல் 4 நபர்கள் என்று எண் கொடுத்து, "ஆகிய நாங்கள் எங்களுக்குள் சம்மதித்து எழுதிக்கொண்ட சுவீகாரப் பத்திரம்" என்று ஆரம்பிப்பார்கள். 1, 2 நபர்கள் தம்பியும் தம்பி மனைவியும். 3, 4 நபர்கள் அண்ணனும் அண்ணியும். அப்போதைக்கு 'நாங்கள்' என்றால் நான்கு பேர். இரண்டு பக்கம் தள்ளி இப்படி ஒரு வரி வரும்: "இனிமேல் மேற்படி மைனர் பெண்ணின் மீது எங்களுக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை." இந்த 'எங்களுக்கு' யார்? பெற்றவர்கள் இருவர் மட்டும்தான். தமிழில் படிக்கிறவருக்கு இதில் குழப்பமே வராது. யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது பேச்சின் போக்கிலேயே தெரிந்துவிடும். ஆனால் தொடக்கத்தில் நான்கு பேரை 'வீ' என்று சொல்லிவிட்டு இங்கேயும் 'வீ' என்றே எழுதினால், தத்து எடுத்தவர்களும் சேர்ந்து அந்தப் பெண்ணைக் கைவிட்டதாக ஆங்கிலத்தில் ஆகிவிடும். துண்டிப்பைக் காட்ட வேண்டிய ஒரே வரி இது; அதுவே கோணலாகப் போகிறது.

இதற்கு மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது ஒன்றுதான். மூலத்தில் உள்ள 'எங்களுக்கு' என்பதை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் 1, 2 நபர்கள் என்று தன் குறிப்பைச் சேர்க்கலாம். சதுர அடைப்புக்குள் இருப்பது மொழிபெயர்ப்பாளரின் சொல், வெளியே இருப்பதெல்லாம் பத்திரத்தின் சொல் என்று முதல் பக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். வாக்கியத்தைத் திருத்தி, பெற்றவர்கள் என்று மூலத்திலேயே இருந்ததுபோல எழுதுவது சரியில்லை. யாராவது பின்னால் மூலத்தோடு ஒப்பிட்டால், ஒரு இடத்தில் கை வைத்தவர் வேறு எங்கெல்லாம் கை வைத்தாரோ என்ற சந்தேகம் மொத்தக் கோப்பின் மேலும் விழும்.

நான் எந்தப் பத்திரத்தையும் மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் ஒரு தனித்தாளில் ஆட்களை எழுதிக்கொள்வேன். ஒவ்வொருவருக்கும் தத்துக்கு முன் என்ன நிலை, தத்துக்குப் பின் என்ன நிலை, பத்திரம் அவரை எந்தெந்தச் சொற்களால் அழைக்கிறது, ஆங்கிலத்தில் அவருக்கு நான் வைக்கப்போகும் ஒரே சொல் எது. தம்பியை ஒரே பத்திரம் ஓரிடத்தில் 'தகப்பனார்' என்கிறது, ஓரிடத்தில் 'பெற்ற தகப்பனார்', இன்னோரிடத்தில் 'சுவீகாரம் கொடுப்பவர்'. அண்ணனும் பின்பகுதியில் 'தகப்பனார்' ஆகிவிடுகிறார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் வெறும் 'ஃபாதர்' என்று வந்தால், படிப்பவர் யாரைப் பற்றிப் படிக்கிறோம் என்று திணறுவார். இந்தியச் சட்ட வழக்கில் பெற்றவரை 'நேச்சுரல் ஃபாதர்' என்பதுண்டு. கனடா விதிமுறைகளில் 'பயலாஜிக்கல்' என்ற சொல் வருகிறது. எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம்வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். எடுத்தவருக்கு 'அடாப்டிவ் ஃபாதர்'. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று நடைக்காக மாற்றி எழுதும் பழக்கம் இங்கே உதவாது.

அடுத்தது தேதி. இந்தப் பத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதிகம் பேர் சறுக்குகிற இடமும் இதுவே. பெண் பிறந்தது 2009 மார்ச் 4. குலதெய்வக் கோயிலில் உறவினர் முன்னிலையில் அவளைக் கையில் கொடுத்து வாங்கியது 2012 மே 18. அப்போது அவளுக்கு மூன்று வயது. பத்திரம் எழுதிப் பதிவு செய்ததோ 2024 ஆகஸ்ட் 23. வெளிநாடு போகும் பேச்சு வந்த பிறகு. அதுவரை யாருக்கும் ஒரு தாள் வேண்டும் என்று தோன்றவில்லை. நம் ஊர்களில் இது சர்வசாதாரணம்.

சட்டப்படி தத்து என்பது தாள் அல்ல. கொடுப்பவர் தத்து கொடுக்கும் எண்ணத்தோடு குழந்தையை உண்மையாகவே கொடுக்க வேண்டும், எடுப்பவர் வாங்க வேண்டும். 11-ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். தத்த ஹோமம்கூட கட்டாயமில்லை. பதிவு செய்த பத்திரம் என்ன செய்கிறது என்றால், ஏற்கெனவே நடந்த ஒரு தத்தைப் பதிந்துவைக்கிறது. கொடுத்தவரும் எடுத்தவரும் அதில் கையெழுத்திட்டிருந்தால், தத்து முறைப்படியே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். மறுப்பவர்தான் மாற்றி நிரூபிக்க வேண்டும். இது 16-ஆம் பிரிவு.

இப்போது பத்திரத்தின் வாசகத்தைப் பாருங்கள்: "18.05.2012 அன்று மேற்படி மைனர் பெண்ணை 1, 2 நபர்கள் சுவீகாரம் கொடுத்து, 3, 4 நபர்கள் சுவீகாரம் பெற்றுக்கொண்டதை உறுதி செய்து நாளது தேதியில் இப்பத்திரம் எழுதிக்கொள்கிறோம்." இரண்டு வினைகள், இரண்டு தேதிகள். கொடுத்தது, பெற்றது 2012-இல். எழுதிக்கொள்வது 2024-இல். ஆங்கிலப் பத்திரங்களில் 'ஹியர்பை' என்று ஒரு பழக்கமான சொல் உண்டு. இந்தப் பத்திரத்தின் மூலமாக இப்போதே செய்கிறோம் என்று பொருள். வாடகை ஒப்பந்தமும் கிரயப் பத்திரமும் மொழிபெயர்த்துப் பழகிய கை, இங்கேயும் தானாக 'ஹியர்பை கிவ் இன் அடாப்ஷன்' என்று போட்டுவிடும்.

அந்த ஒரு சொல்லால் என்ன ஆகிறது? தத்து நடந்தது 2024 ஆகஸ்ட் 23 என்று ஆகிறது. அன்று பெண்ணுக்குப் பதினைந்து வயது ஐந்து மாதம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, வேறு வழக்கம் இருப்பதாகக் காட்டினாலொழிய, பதினைந்து வயது முடிந்த பிள்ளையைத் தத்து கொடுக்க முடியாது. அதாவது, இந்தியச் சட்டப்படியே செல்லாத ஒரு தத்தை மொழிபெயர்ப்பு உண்டாக்கிவிட்டது. அதோடு போகவில்லை. குடிவரவுச் சலுகைக்காகவே செய்துகொண்ட தத்தைக் கனடா ஏற்பதில்லை. விண்ணப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பு, பெரிய பெண்ணை, சொந்தத் தம்பியிடமிருந்து தத்து எடுத்தார்கள் என்று படித்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். உண்மையில் அவள் பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் வளர்கிறாள். 2013-இல் சேர்ந்த பள்ளியின் பதிவேட்டிலேயே பெரியப்பா பெயர்தான் தகப்பனார் இடத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளிச் சான்றும் கோப்பில் போகும். 2024-இல் தத்து நடந்தது என்றால் 2013-இல் எப்படி அவர் தகப்பனார் ஆனார் என்ற கேள்வியும் சேர்ந்து வரும். ஒரு வினையின் காலம் பிசகியதற்கு இத்தனை விளைவு.

தாமதமாகப் பதிவு செய்த பத்திரத்துக்கு இயல்பாகவே கேள்விகள் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது பள்ளிப் பதிவேடும் தடுப்பூசி அட்டையும் அந்த நாள் புகைப்படங்களும். மொழிபெயர்ப்பாளர் தன் பங்குக்குப் புதிதாக ஒரு கேள்வியைக் கிளப்பாமல் இருந்தால் போதும்.

மனைவியின் இடமும் கவனிக்கத்தக்கது. 2010-இல் சட்டம் திருத்தப்படும்வரை, கணவர் உயிரோடும் நல்ல மனநிலையிலும் உள்ள ஒரு மனைவி தன் பெயரில் தத்து எடுக்க முடியாது. கணவர் எடுப்பார், மனைவி சம்மதிப்பார். திருத்தத்துக்குப் பிறகு அவரும் எடுக்கலாம், கணவரின் சம்மதத்தோடு. ஆனால் ஆவண எழுத்தர்கள் இன்றும் பழைய வாசகத்தையே எழுதுவதுண்டு: "3-வது நபர் தன் மனைவியாகிய 4-வது நபரின் சம்மதத்துடன்." இதை 'இருவரும் சேர்ந்து தத்து எடுத்தார்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதத் தோன்றும், அழகாகவும் இருக்கும். அப்படி எழுதத் தேவையே இல்லை. கணவர் தத்து எடுத்தால் மனைவி தானாகவே தத்துத் தாய் ஆகிறார் என்று 14-ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. சம்மதம் என்று இருந்தால் சம்மதம் என்றே எழுத வேண்டும்.

இனி பையனுடைய உத்தரவு. மாவட்ட நீதிமன்றத்தின் தமிழ் உத்தரவுகளில் மனுதாரர், எதிர்மனுதாரர், இளவர் என்று மூன்று பாத்திரங்கள். மனுதாரர் அவனுடைய சித்தி. எதிர்மனுதாரர் அவனுடைய அப்பாவின் தம்பி. எதிர் என்ற சொல்லைப் பார்த்துச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். சட்டப்படி நெருங்கிய உறவினருக்கு அறிவிப்பு போக வேண்டும். அவர் நீதிமன்றத்துக்கு வந்து எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆங்கிலத்தில் 'ரெஸ்பாண்டன்ட்' என்று போட்டால் சரியாக இருக்கும்.

உத்தரவில் ஒரு வரி: "இளவரின் சித்தப்பா நேரில் ஆஜராகி ஆட்சேபணை இல்லை எனத் தெரிவித்தார்." பையனுக்கு இந்தக் கதையில் இரண்டு சித்தப்பாக்கள். அப்பாவின் தம்பி ஒருவர். சித்தியின் கணவர் இன்னொருவர். ஆங்கிலத்தில் இருவருமே 'அங்கிள்'. ஆட்சேபணை இல்லை என்று சொன்னவர் மனுதாரரின் கணவர் என்று யாராவது படித்துவிட்டால், அந்தச் சொல்லுக்கு மதிப்பே போய்விடும். வீட்டுக்காரரே ஆட்சேபிக்கவா போகிறார்? தகப்பனாரின் தம்பி என்று உறவை அவிழ்த்து எழுத வேண்டும். சித்தி இன்னும் ஆபத்தானவர். நம் பேச்சில் அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பா மறுமணம் செய்துகொண்டு வந்தவரும் சித்திதான். அகராதியைப் பார்த்து எழுதும் ஒருவர் 'ஸ்டெப்மதர்' என்று போட்டால், பையனின் அப்பாவை மணந்தவர் ஆகிவிடுகிறார் நம் மனுதாரர்!

"காலஞ்சென்ற இன்னாரின் மகன் இன்னார்" என்ற பழக்கமான தொடரையும் பாருங்கள். இறந்தவர் அப்பா. சொல்லை ஆங்கிலத்தில் இடம் மாற்றி வைத்துவிட்டால் மகன் இறந்தவர் ஆகிவிடுவார். சொல்லையே விட்டுவிட்டால் அப்பா உயிர்பெற்று வந்துவிடுவார். அதற்கு இந்தக் கோப்பில் என்ன விலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உத்தரவின் உயிர்வரி, மனுதாரரை "இளவரின் உடலுக்கும் சொத்துக்கும் காப்பாளராக" நியமிக்கும் வரி. உடல் என்றதும் 'பாடி' என்று எழுதிய மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலச் சட்டச் சொல் 'பர்சன்'. சிலருக்குச் சொத்துக்கு மட்டும் காப்பாளராக நியமனம் இருக்கும், சிலருக்கு இரண்டுக்கும். குழந்தையைத் தன்னோடு வைத்து வளர்க்கும் உரிமை முதல் பாதியிலிருந்துதான் வருகிறது. அதனால் இரண்டு பாதியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். உத்தரவு இடைக்காலமா, இறுதியா என்பதும் அப்படியே. அதற்கு மேலே காரணங்கள் சொல்லும் பகுதியில், மனுதாரரும் அவர் கணவரும் பையனை "தங்கள் மகனாகவே வளர்த்து வருகின்றனர்" என்று நீதிபதி நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். அந்த 'ஆகவே' என்ற ஒட்டை மறக்கக் கூடாது. மகனைப்போல என்பதும் மகன் என்பதும் ஒன்றல்ல. 'வளர்ப்பு மகன்' என்று வந்தாலும் இதே எச்சரிக்கை. தத்துப் பிள்ளை, எடுத்து வளர்த்த பிள்ளை, மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளை எல்லோரையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம்.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர்களின் வேண்டுகோள் வரும்.

"சார், பையன் என்னை அப்பான்னுதான் கூப்பிடறான். எனக்கு நேரா ஃபாதர்னே போட்டுடுங்களேன்."

"உத்தரவுல உங்க பேர் மனுதாரரோட கணவர்னு மட்டும்தான் சார் இருக்கு."

"சரி, கடைசிப் பக்கத்துல கோர்ட் எல்லைன்னு ஏதோ ஒரு வரி. அதையாவது விட்டுடலாமா? யார் அதையெல்லாம் படிக்கப்போறாங்க?"

அந்த வரியைத்தான் முதலில் படிப்பார்கள். நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அனுமதி இல்லாமல் பிள்ளையை அந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. விதிகளில் சொன்ன சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இது 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உத்தரவில் எழுதாவிட்டாலும் பொருந்தும். மொழிபெயர்ப்பில் வரியை விட்டால் தடை போய்விடாது. முழுமையான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்திட்டவரின் வாக்குத்தான் போகும். செய்ய வேண்டியது வேறு: அதே நீதிமன்றத்தில் வெளிநாடு அழைத்துப்போக அனுமதி கேட்டு மனு போட்டு, அந்த அனுமதி உத்தரவையும் வாங்கி, மொழிபெயர்த்து, சேர்த்து வைக்க வேண்டும். இதைக் குடும்பங்களுக்கு வக்கீல் சொல்வதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளர் சொல்ல நேர்வது எனக்கு இன்னும் வியப்புதான்.

வீட்டில் தத்து என்று சொல்வதெல்லாம் தாளிலும் தத்தாக இருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்குத்தான். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வேறு வழியின்றி 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர் உத்தரவைத்தான் வாங்கினார்கள். பிறகு வந்த சிறார் நீதிச் சட்டம்தான் மதம் பார்க்காமல் தத்துக்கு வழிவிட்டது. அந்தச் சட்டப்படியான தத்து உத்தரவுகளை இப்போது, 2021-இல் வந்த திருத்தத்தின்படி, மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆகவே முப்பது வயதுக்காரர் ஒருவர் 'என் தத்துப் பத்திரம்' என்று நீட்டும் பழைய தாள் காப்பாளர் உத்தரவாக இருக்கலாம். தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் தலைப்பு.

யார் மொழிபெயர்க்கலாம் என்பதிலும் கனடா கண்டிப்பு. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், மொழிபெயர்த்தவர் நோட்டரி முன் சத்தியம் செய்து, மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு என்று அஃபிடவிட் கொடுக்க வேண்டும். மூலத்தின் சான்றிட்ட நகலும் கூடவே போக வேண்டும். விண்ணப்பதாரரோ அவர் குடும்பத்தாரோ மொழிபெயர்க்கக் கூடாது. அண்ணன் தம்பி, மாமா, அத்தை, சித்தப்பா பிள்ளைகள்வரை இந்தத் தடை நீளும். இங்கிலீஷ் வாத்தியாராக ஓய்வு பெற்ற பெரியப்பா எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை. முத்திரையில் இருக்கும் எழுத்து, சார்பதிவாளரின் பின்பக்கக் குறிப்பு, 4-ஆம் புத்தகத்தில் இன்ன எண்ணாகப் பதிவு என்ற வரி எல்லாம் மொழிபெயர்ப்புக்குள் வர வேண்டும். புத்தக எண்ணும் ஒரு அடையாளம்தான்: தத்துப் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் ஏறும், தத்து எடுக்க ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரமோ 3-ஆம் புத்தகத்தில், உயில்களோடு.

பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலில் எழுதலாம். ஆனால் இனிஷியலை விரித்து எழுதக் கூடாது. தத்துக்குப் பின் பெண்ணின் இனிஷியல் மாறியிருக்கும். பத்திரத்தின் முதல் பக்கத்தில் பழையது, பின்பக்கத்தில் புதியது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், எந்த நாளில் எந்தத் தகப்பனாரின் மகள் என்ற கணக்கே அழிந்துபோகும். பத்திரத்திலேயே எழுத்துப் பிழை இருந்தால் அதை அப்படியே எழுதி, மூலத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று சதுர அடைப்பில் சொல்லிவிட வேண்டும். பிழையைச் சரிசெய்யும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். அதற்குப் பிழை திருத்தல் பத்திரம் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது.

இத்தனையும் சரியாகப் போனால், பெண் தத்து எடுத்த பிள்ளையாக விண்ணப்பத்தில் சேர்கிறாள். பையன் அந்தப் படிவத்தில் சேர மாட்டான். வேறு வழி பார்க்க வேண்டும். ஒரு வழி, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. பெற்றோர் இருவரும் இறந்த பிள்ளையை, நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு, காப்பாளர் தத்து கொடுக்கலாம். தானே எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். இன்னொரு வழி கனடாவின் விதிமுறைகளிலேயே இருக்கிறது. அங்கே நிரந்தரக் குடியிருப்பு பெற்ற ஒருவர், தாய் தந்தை இருவரையும் இழந்த, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத தன் உடன்பிறந்தாரின் பிள்ளையை ஆதரவாளராக இருந்து அழைத்துக்கொள்ளலாம். அந்த வழியில் ஆதரவாளர் மனைவிதான், கணவர் இல்லை. ஏனென்றால் பையன் மனைவியின் தாய்தந்தைக்குப் பேரன், கணவரின் பெற்றோருக்கு இல்லை. உத்தரவில் சித்தி 'தாயின் தங்கை' என்று வந்திருந்தால், அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' தன் இடத்தில் இருந்தால், இரண்டு இறப்புச் சான்றிதழ்களும் அதே பெயர்களோடு ஒத்துப்போனால், அந்த விண்ணப்பத்துக்கு வேண்டிய உறவு முழுவதும் ஏற்கெனவே மொழிபெயர்த்த தாளிலேயே இருக்கும்.